அஞ்சாம் நம்பர் ஷூ

என் வலது காலில் பெருவிரலுக்கு அடியில், பக்கவாட்டில், ஒரு முண்டு இருக்கிறது. இடது காலிலும் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் மரியாதை தெரிந்தது. வலதுகாலுடையதுதான் வம்புக்காரி. பெருவிரலைப் பக்கத்து விரல் மேல் சாய்த்துவிட்டு, தான் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு, சிவந்து பளபளவென்று நிற்கும். போர்வை உரசினாலும் கத்தும்.

நான் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுப் பிரிவில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்றும் சொல்லலாம். நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல். காலையில் கடை திறந்ததும் நிற்கத் தொடங்கினால், சாப்பாட்டு வேளை போக, ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நிற்பேன். புடவையை விரிக்கும்போது குனிவேன், மடிக்கும்போது நிமிர்வேன். உட்கார்வது வாங்க வருகிறவர்களின் உரிமை. கடைகளில் ஆட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடியிலும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. அவற்றின் மேல் பிரிக்காத புடவைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டிகளுக்குக் கால்வலி வந்ததே கிடையாது.

முன்பெல்லாம் செருப்புத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். முதலாளியின் மருமகள் கடைக்கு வரத் தொடங்கிய பிறகு சீருடை மாறியது. பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்துச் சேலை, கொண்டையில் வலை, காலில் முன்பக்கம் கூம்பின மூடிய கறுப்பு ஷூ. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய ஓட்டலில் வரவேற்பில் நிற்கும் பெண்களைப் போல இருப்பதாக நாங்களே எங்களைச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பெண்களின் கால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஷூவுக்கு அளவெடுத்த கதை தனி. குடோனில் காலை நேரத்தில் வரிசையில் நிற்க வைத்தார்கள். ஷூ கம்பெனி ஆள் காலைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே "என்ன நம்பருங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவள் நாலு என்றாள். அதற்கு முன்னால் நின்றவளும் நாலு. ஒருத்தி ஆறு என்று சொன்னபோது வரிசையே சிரித்தது, "யான வந்துருச்சு, வழி உடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவள் முகம் செத்துவிட்டது. என் முறை வந்தது. கல்யாணத்தின்போது அஞ்சு நம்பர் வாங்கியது நினைவிருந்தது. இடையில் ஒரு பிள்ளை பெற்று, கனத்து, இருபது வருடங்களுக்கு மேல் நின்றே பிழைத்திருக்கிறேன் என்பதைக் கால் மறக்கவில்லை, நான் மறந்துவிட்டேன். சத்தமாக "அஞ்சு" என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் பெயருக்கு நேராகப் பழைய நம்பரிலேயே புது ஷூ வந்தது.

முதலில் கடை முடிந்து கழற்றும்போது மட்டும் வலித்தது. பிறகு மத்தியானமே வலித்தது. அப்புறம் முண்டு மட்டுமல்ல, முன்னங்கால் அடியில், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு கூழாங்கல்லை மிதித்துக்கொண்டே நிற்பதைப் போல ஓர் எரிச்சல். ஷூவைக் கழற்றி உதறிப் பார்ப்பேன். கல் இருக்காது. பக்கத்துக் கவுண்டர் பெண் "என்னங்க்கா, எறும்பா?" என்று கேட்டாள் ஒருநாள். "ஆமா கண்ணு, எறும்பு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் டேக் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டேக் ரூம் என்பது கடையின் பின்தெருவில் இருக்கும் குடோனில் ஓர் அறை. புதிதாக வரும் சரக்குக்கு விலைச் சீட்டு ஒட்டும் இடம். ஏசி உண்டு, முதுகு சாயும் நாற்காலி உண்டு, மனிதர்கள் கிடையாது. சீட்டு அடிக்கும் மிஷினும் ஒரு ஆளும் போதும். மூட்டுவலி, கால்வலி என்று யார் சொன்னாலும் அங்கேதான் போடுவார்கள், அதுவும் இரக்கப்பட்டுத்தான். ஒருமுறை சீட்டுக் கட்டு வாங்க அங்கே போனேன், அப்போது வயதான அம்மா ஒருவர் அங்கே இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தன் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று தொடங்கி மூச்சுவிடாமல் பேசினார். மாடியில் புடவை பார்க்க ஆட்கள் காத்திருந்தார்கள். கையை உருவிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் புனேயில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, மாத்திரை போட்டாயா. நல்ல பிள்ளைதான், ஆனால் அந்த மூன்று கேள்விக்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வராது. சிங்காநல்லூரில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் இருக்கிறேன். கதவைத் திறந்ததும் காலையில் நான் கழற்றிப்போட்ட சேலை போட்ட இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாது. யாராவது அதை எடுத்துத் தள்ளியாவது வைத்திருக்கலாம்.

கடையில்தான் எனக்குப் பேச்சு. "இந்தக் கலர் உங்க பொண்ணுக்கு எடுப்பா இருக்குமுங்க", "பார்டர் கொஞ்சம் அகலமா பாக்கலாமுங்களா?" என்று நாள் முழுக்கப் பேசுவேன். அதில் பாதி வியாபாரம், பாதி என் சந்தோஷம். ஈரோட்டிலிருந்து மஞ்சள் வியாபாரிகள் குடும்பத்தோடு வருவார்கள், மதுக்கரையிலிருந்து சிமெண்ட் ஆலைக்காரர்கள் வருவார்கள். யாருக்கு யார் சம்பந்தி, எந்த நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாம் புடவை விரிகிற நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த மாடியை விட்டு என்னை இறக்கினால் நான் வாயைத் திறப்பதற்கே இடமில்லாமல் போகும். கால் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

சும்மா இருக்கவில்லை, வைத்தியமும் பார்த்தேன். எல்லாமே தப்பு. முண்டு உரசுகிறது என்று அதன் மேல் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். போதவில்லை என்று மருந்துக்கடையில் ரப்பர் மாதிரி கொழகொழவென்று ஓர் உறை வாங்கி மாட்டினேன். போனில் விளம்பரம் பார்த்து, விரலை நிமிர்த்தும் என்று ஒரு பட்டை வரவழைத்தேன். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மேலே சாக்ஸ் போட்டு, அதே அஞ்சாம் நம்பர் ஷூவுக்குள் காலைத் திணித்தேன். ஏற்கனவே இடமில்லாத பஸ்ஸில் மூட்டையோடு ஏறியது போல. வலி இரண்டு பங்காயிற்று. சரி, இன்னும் நல்ல உறையாக வாங்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, ஷூவைச் சந்தேகப்படவே இல்லை. ஷூ கடையுடையது. கால்தானே என்னுடையது, தப்பு அதன் மேல்தான் இருக்க வேண்டும்.

முண்டில் படாமல் இருக்கப் பாதத்தின் வெளிஓரத்தை ஊன்றி நடந்தேன். அதில் முழங்காலும் கூட்டுச் சேர்ந்தது.

ஆவணி முகூர்த்த நெருக்கத்தில், பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தது. பதினைந்து பேராவது இருப்பார்கள். எங்கள் கடையில் மற்ற புடவையை எப்படி வேண்டுமானாலும் காட்டலாம், முகூர்த்தப் பட்டை மட்டும் காலில் எதுவும் போட்டுக்கொண்டு தொடக்கூடாது. வெள்ளை விரிப்பு போட்ட மேடை ஒன்று இருக்கிறது. அதில் வெறுங்காலோடு ஏறி, பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுக் காட்டி, பெரியவர்கள் சரி என்றதும் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த மேடை ரொம்பப் பிடிக்கும். காரணம் பக்தி மட்டும் இல்லை, ஷூவைக் கழற்றலாம்.

ஷூவோடு சாக்ஸ், உறை, பட்டை எல்லாவற்றையும் கழற்றினேன். அடேயப்பா, அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. புடவைக்கு மேல் புடவையாக விரித்தேன். பெண்ணுக்கு அரக்குச் சிவப்பு வேண்டும், பெண்ணின் தாய்க்கு மாம்பழ மஞ்சள் வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எதற்கும் வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிய அபிப்பிராயமாக இருந்தது. ஒருவழியாக அரக்கு ஜெயித்தது. நான் குனிந்து மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, காலு ஏன் இப்பிடி செவந்து வீங்கிக் கெடக்குது?"

பதினைந்து பேரும் என் காலைப் பார்த்தார்கள். முண்டு அன்றைக்கு மிளகாய்ப்பழ நிறத்தில் இருந்தது. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சேலைக் கரையை இழுத்து மூடப் பார்த்தேன், கையில் புடவை இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க, நின்னு நின்னு அப்பிடி ஆயிருச்சுங்க."

"நாங்க இத்தன நேரமா உக்காந்துட்டு உங்கள நிக்க வெச்சுப்போட்டமே. செத்த உக்காருங்க கண்ணு" என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். அந்த இடத்தில் நான் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்பது ஒருபக்கம். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தது இன்னொரு பக்கம். என்னை யாரும் உட்காரச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

தாம்பாளம் கொடுத்து, அவர்களை பில் போடும் இடத்துக்கு அனுப்பிவிட்டு ஷூவைப் போட்டேன். கால் உள்ளே போகவில்லை. கழற்றி விட்ட நேரத்தில் நன்றாக வீங்கிவிட்டது. துணி அளக்கும் குச்சியைக் குதிகாலில் கொடுத்து நெம்பினேன். பிளாஸ்டிக் கவரைச் சுற்றி வழுக்கவிட்டுப் பார்த்தேன். வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. கடைசியில் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் சப்பையாக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தேன். மாடியை மேற்பார்வை பார்க்கிறவர் நேர் எதிரில் வந்தார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. காலைப் பார்த்துவிட்டு, "மேனேஜரப் பாத்துட்டு ஊட்டுக்குப் போங்க்கா" என்றார்.

மேனேஜரும் நல்லவராகவே இருந்தார், அதுதான் கஷ்டம். "டாக்டர்கிட்டக் காமிச்சுட்டு வாங்க. வந்து டேக் ரூம்ல நிம்மதியா உக்காந்துக்கலாம். உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்" என்றார். என் நல்லதுக்கு என்று சொல்லிவிட்ட பிறகு எப்படி மறுப்பது, தலையாட்டிவிட்டு வந்தேன்.

எலும்பு டாக்டர் எங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நொண்டிப் போயிருக்கிறேன். என்னைவிட வயதில் சின்னவர். கறார் பேர்வழி. வெறுங்காலோடு நிற்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு உட்காரவைத்து, என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலை மேலும் கீழும் அசைத்தார். விரல்களின் அடியை ஒவ்வோர் இடமாக அமுக்கினார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். சர்க்கரை இருந்தால் உணர்ச்சி குறையுமாம், அதற்காக.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் கையை எடுத்தார். வலி இல்லை. ஒரு மனுஷக் கை என் காலைப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. எடுக்காதீங்க என்று சொல்ல நினைத்தேன். எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுத்தார்.

படம் வந்ததும் காட்டினார். "இதுக்கு புனியன்னு பேரு. புதுசா எலும்பு வளந்துடல. பெருவிரலுக்குப் பின்னாடி இருக்கிற நீள எலும்பு இன்னொரு கால் பக்கமா ஒதுங்கிருக்கு. விரல் இந்தப் பக்கமா சாஞ்சிருச்சு. அதனால பெருவிரல் தாங்க வேண்டிய பாரம் மத்த விரல்களுக்கு அடியில போகுது. முன்னங்கால் எரியறது அதுக்குத்தான். உங்க அம்மாவுக்கு இப்படி இருந்துச்சா?"

இருந்தது. அம்மா செருப்பே போட்டதில்லை, ஆனாலும் இருந்தது.

"பாதத்தோட வாகு பரம்பரையா வரலாம். இறுக்கமான ஷூ அத மோசமாக்கும். எந்த ஷூ போடறீங்க?"

கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தரையில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, என்னை அதன்மேல் எழுந்து நிற்கச் சொல்லி, பேனாவால் காலைச் சுற்றி வரைந்தார். அந்தக் கோட்டின் மேல் ஷூவைத் தூக்கி வைத்தார். இரண்டு பக்கமும் என் கால் ஷூவுக்கு வெளியே வழிந்து நின்றது. நீளத்திலும் பற்றவில்லை. இத்தனை வருடமாக இதற்குள்ளா இதைத் திணித்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இதுக்குள்ள பஞ்சு, உறை, பட்டை எல்லாம் வேற வெச்சிருக்கீங்க" என்றார். "அதெல்லாம் எடம் இருக்கிற ஷூவுல வெச்சா உதவும். எடமே இல்லாததுல வெச்சா இன்னும் நசுங்கும். அந்தப் பட்டை போட்டு விரல் நிரந்தரமா நிமிராது. முண்டு போகாது, ஆனா வலி போகும். ஆபரேஷன் இப்ப வேண்டாம். எல்லாம் செஞ்சும் வலி நிக்கலைன்னா மட்டும் யோசிப்போம்."

எல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். ஷூ சாயங்காலம் வாங்க வேண்டும், அப்போதுதான் கால் தன் முழு அளவில் இருக்கும். இரண்டு காலில் எது பெரிதோ அதற்கு வாங்க வேண்டும். நின்று பார்க்க வேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், முன்பக்கம் விரல்கள் அசைய வேண்டும், மேல்தோல் மெத்தென்று இருக்க வேண்டும், குதி உயரமாக இருக்கக் கூடாது. நம்பரைப் பார்க்கவே வேண்டாம் என்றார். முன்னங்கால் எரிச்சலுக்கு ஒரு சின்ன மெத்தை கொடுத்தார். எரிகிற இடத்திலேயே அதை வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டுமாம், அப்போதுதான் பாரம் அந்த இடத்தை விட்டு நகரும். சிவந்து வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஒற்ற வேண்டும், கெண்டைக்காலைச் சுவரில் கையூன்றி நீட்டி மடக்க வேண்டும்.

"கூட யாரும் வரலீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"பஸ்ஸு பக்கந்தானுங்க" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

டேக் ரூமில் உட்கார்ந்தேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். சிவப்பு வடிந்தது. கூழாங்கல் சிறுத்துக் கடுகாகி, ஒருநாள் காணாமலே போயிற்று. கால் இவ்வளவு நன்றாக இருந்து எனக்கு நினைவே இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மிஷின்தான் இருந்தது. சீட்டைத் துப்பிவிட்டு ஒரு தடவை கூவும். "சரி சாமி, அடுத்தது குடு" என்பேன். பிறகு எனக்கே பயமாகிவிடும். முன்பு இருந்த அம்மா ஏன் என் கையை விடவில்லை என்று அப்போது தெரிந்தது. மூட்டை கொண்டுவந்து போடுகிறவர்கள் வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டை மிஷினைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். காலையில் வீட்டைப் பூட்டும்போது வீட்டுக்காரம்மாவிடம் "வாரேனுங்க" என்று சொல்வதும், பஸ்ஸில் "சிங்காநல்லூர் ஒண்ணு" என்று கேட்பதும்தான் அன்றன்றைய பேச்சு. ஞாயிறு மகன் கூப்பிட்டபோது குரல் கரகரத்தது. "சளியாம்மா?" என்றான். "ஆமா" என்றேன்.

வலி இருந்தபோது அதோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் முடிவு செய்துவிட்டேன். கொஞ்சம் முன்னதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டு, டாக்டர் வரைந்த தாளை மடித்துப் பையில் வைத்து ஒப்பணக்காரத் தெருப் பக்கம் போனேன். பெண்கள் ஷூ என்று எடுத்துக்காட்டியதெல்லாம் முன்னால் கூம்பிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் தாளின் மேல் வைத்தேன், ஒவ்வொன்றும் என் காலின் கோட்டுக்குள் அடங்கிப்போனது. கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். மூன்றாவது கடையில் ஒருவர், "தப்பா நெனைக்காதீங்க, ஆம்பளைங்க ஷூ போட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் போட்டுப் பார்த்தேன். கறுப்பு, மூடியது, மெத்தென்ற தோல், அகலமான முன்பக்கம். எழுந்து நின்றேன். உள்ளே விரல்களை அசைத்தேன். அசைந்தன. கடைக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு குழந்தை மாதிரி அசைத்துக்கொண்டே இருந்தேன். என்ன நம்பர் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்த ஷூவோடு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். கால் சரியாகிவிட்டது, மாடிக்குப் போகிறேன் என்றேன்.

அவர் ஷூவைப் பார்த்தார். "இது ஆம்பளைங்க ஷூ ஆச்சுங்களே?"

"கறுப்புதானுங்க, மூடினதுதானுங்க. சேல மறச்சுக்கும்."

"அடுத்து, ஆளு இல்லாதப்ப உக்கார ஸ்டூலும் வேணும்பீங்க."

"வேணுமுங்க. அது மேல இருக்கற பெட்டிய நானே எறக்கி வெச்சுக்கறேன்."

"எதுக்குங்க இத்தன செரமம்? அங்க ஏசி, நாற்காலி, ஒரு தொல்லை இல்ல. நிம்மதியா உக்காந்திருக்கலாம்ல."

அந்த நிம்மதி என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. குரலை உயர்த்த நினைக்கவில்லை, உயர்ந்துவிட்டது.

"ஊட்லயும் தனியாத்தானுங்க இருக்கறேன். இங்கயும் தனியாவே உக்கார வெச்சா நான் எங்கதாங்க பேசறது? காலு நல்லாயிருச்சு, எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்போல இருக்குது. எனக்கு அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஆளு வேணும்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. போயும் போயும் மேனேஜரிடம் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பேனாவைத் திறந்து மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரிங்க, போங்க" என்றார்.

பட்டுப் பிரிவில் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள், எங்கே போனீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று பிய்த்தெடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். மாடியில் ஒருத்தி தலையாட்டினாள். இன்னொருத்தி, "அக்கா, அந்த மயில்கழுத்துக் கலர எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். பக்கத்துக் கவுண்டர் பெண் பெட்டி அடுக்கிக்கொண்டே திரும்பினாள்.

"வாங்க்கா. மகன் ஊட்டுக்கா போயிருந்தீங்க? எத்தன நாளு லீவு! புனேல நல்ல குளிரா?"

எனக்குச் சுரீரென்றது. பின்தெருவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன். இவர்கள் மாடியில் விரித்த ஒவ்வொரு புடவையிலும் இருந்த சீட்டு என் கையால் ஒட்டியது. ஆமாம், புனேயில் நல்ல குளிர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எறும்பு என்று சொன்ன வாய்தானே. ஆனால் கீழே ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்ட சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"நான் எந்த ஊருக்கும் போவல" என்றேன். "டேக் ரூம்ல இருந்தேன்."

அவள் கையில் இருந்த பெட்டி அப்படியே நின்றது. நான் ஸ்டூலின் மேல் இருந்த பெட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தேன். உட்கார்ந்தேன். வலது ஷூவைக் கழற்றி, சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காலை நீட்டினேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் முண்டு அப்படியே இருந்தது, விரல் அப்படியே சாய்ந்து கிடந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"எப்ப இருந்துங்க்கா இப்பிடி?"

"கடையில அந்தக் கூம்பு ஷூ குடுத்ததுல இருந்து."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் கேட்டாள்:

"அப்ப இருந்து உங்க பக்கத்துலதானேக்கா நானும் நிக்கறேன்?"

படியில் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம், குழந்தைகளோடு. நான் ஷூவுக்காகக் கையை நீட்டினேன். அவள் என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, "நான் பாக்கறேன், நீங்க இருங்க" என்று சொல்லி, "வாங்கோ வாங்கோ" என்று எதிர்கொண்டு போனாள். போகும்போது அவளும் பாதத்தின் வெளிஓரத்தை ஊன்றித்தான் நடந்தாள்.